எட்டு லட்சம் போட்டால் ஒரு கோடி வருமா?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஜவுளிக்கடைகளுக்கு விளம்பர ஏஜென்சிக்காரர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். லோக்கல் கேபிள், எஃப்.எம்., நாளிதழுக்குள் வைத்து வரும் நோட்டீஸ், பஸ்ஸின் பின்பக்கப் படம், நாற்சந்தி ஃபிளெக்ஸ் என்று ஆளுக்கொரு ரேட் கார்டு வைத்திருப்பார்கள். ஆனால் கல்லாவில் இருப்பவரிடம் சொல்லும் வாதம் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணாச்சி, போன தீபாவளிக்கு எட்டு லட்சம் போட்டீங்க, ஒரு கோடிக்கு ஏவாரம் ஆச்சு. இந்தத் தடவை பத்தாப் போடுங்க, அப்புறம் பாருங்க."

"அது விளம்பரத்தால வந்துச்சா, தீபாவளியால வந்துச்சா?" என்பது அண்ணாச்சியின் கேள்வி. நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக இப்போதெல்லாம் ஏஜென்சிக்காரர் ஒரு லேப்டாப்பைத் திறந்து, புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு ஓடும் படத்தைக் காட்டுகிறார். "பாருங்க, கோரிலேஷன் 0.98. கிட்டத்தட்ட நூத்துக்கு நூறு." அந்த எண் எப்படி வருகிறது, அந்தக் கோடு எப்படிப் போடப்படுகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தில் 'ஒட்டுறவு', 'தொடர்புப் போக்கு' என்ற பெயர்களில் படித்த பாடம்தான் இது. படித்தவர்களில் பலர் பரீட்சை முடிந்த கையோடு அதை மூட்டை கட்டி வைத்திருப்பார்கள்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஒரு கற்பனைக் கடை. தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையாலேயே கணக்குப் போட வசதியாக ஆறு மாத எண்களை நானே அமைத்திருக்கிறேன். தொகைகள் எல்லாம் லட்ச ரூபாயில்.

| மாதம் | விளம்பரம் (x) | விற்பனை (y) |
|---|---|---|
| மே | 2 | 43 |
| ஜூன் | 1 | 38 |
| ஜூலை | 2 | 37 |
| ஆகஸ்ட் | 3 | 42 |
| செப்டம்பர் | 2 | 40 |
| அக்டோபர் | 8 | 100 |

மே மாதம் முகூர்த்த சீசன். ஜூலை பாதியில் ஆடி பிறந்ததும் கல்யாண ஜவுளி நின்றுபோகிறது. ஆகஸ்டில் ஆடித் தள்ளுபடிக்குக் கொஞ்சம் கூடுதலாக விளம்பரம். அக்டோபரில் தீபாவளி.

முதலில் சராசரி. விளம்பரம் மொத்தம் 18 லட்சம், ஆறால் வகுத்தால் மாதத்துக்கு 3. விற்பனை மொத்தம் 300 லட்சம், சராசரி 50. இனி ஒவ்வொரு மாதமும் இந்தச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஜூனில் விளம்பரம் சராசரியைவிட 2 குறைவு, விற்பனை 12 குறைவு. அக்டோபரில் விளம்பரம் 5 அதிகம், விற்பனை 50 அதிகம். இந்த இரண்டு விலகல்களையும் மாதவாரியாகப் பெருக்குவதுதான் ஒட்டுறவுக் கணக்கின் உயிர்நாடி. இரண்டும் சராசரிக்குக் கீழே இருந்தால் குறையும் குறையும் பெருகி மிகை எண் வரும். இரண்டும் மேலே இருந்தாலும் மிகைதான். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் இருந்தால் மட்டுமே குறை எண் வரும். எல்லாவற்றையும் கூட்டினால், இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா, எதிரெதிராகப் போகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

நம் கடைக்கு அந்தப் பெருக்கல்கள் மே முதல் வரிசையாக 7, 24, 13, 0, 10, 250. கூட்டினால் 304. எண் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் லட்சத்துக்குப் பதில் ஆயிரத்தில் கணக்கு எழுதியிருந்தால் இதே எண் பல ஆயிரம் மடங்கு ஊதியிருக்கும். அலகு எதுவானாலும் ஒரே விடை வர வேண்டுமானால், இரண்டு வரிசைகளும் தனித்தனியே எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் கொண்டு இதை வகுக்க வேண்டும். விளம்பர விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் 32. விற்பனை விலகல்களை அப்படிச் செய்தால் 3026. ஆகவே,

r = 304 / √(32 × 3026) = 304 / 311.2 ≈ 0.98

இந்த r எப்போதும் −1க்கும் +1க்கும் இடையில்தான் இருக்கும். +1 என்றால் எல்லாப் புள்ளிகளும் ஏறுமுகமான ஒரே நேர்க்கோட்டில் உட்கார்ந்திருக்கின்றன. பூஜ்யம் என்றால் நேர்க்கோட்டு உறவு ஏதும் இல்லை. ஏஜென்சிக்காரர் சொன்ன 0.98 பொய்யில்லை, கணக்கு சரிதான்.

ஆனால் r ஒரு விஷயத்தைச் சொல்வதில்லை. ஒரு லட்சம் கூடுதலாகப் போட்டால் விற்பனை எவ்வளவு கூடுதலாக இருக்கும் என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் கோடு வேண்டும்.

கோட்டின் சமன்பாடு y = a + bx. b என்பது சாய்வு: விளம்பரம் ஒரு லட்சம் கூடும்போது விற்பனை எத்தனை லட்சம் கூடுகிறது என்பது. a என்பது விளம்பரம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் கோடு நிற்கும் உயரம். ஆறு புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து ஆளுக்கொரு கோடு இழுக்கலாம். அவற்றில் எது சரியான கோடு? ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து நேர் மேலே அல்லது நேர் கீழே எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து, அந்தத் தூரங்களை வர்க்கமாக்கிக் கூட்ட வேண்டும். எந்தக் கோட்டுக்கு இந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவோ, அதுவே நம் கோடு. இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். 1805இல் பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர் வால்நட்சத்திரங்களின் பாதையைக் கணிப்பது பற்றி எழுதிய நூலின் பிற்சேர்க்கையில் இதை வெளியிட்டார். வானத்துக்காகச் செய்த கருவி கல்லாப்பெட்டிக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது.

அந்தக் கோட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை, விடை நேரடியாகவே கிடைக்கும். நாம் ஏற்கெனவே போட்ட எண்களே போதும்:

b = 304 / 32 = 9.5

a = 50 − (9.5 × 3) = 21.5

ஆக, விற்பனை = 21.5 + 9.5 × விளம்பரம். கோடு எப்போதும் இரண்டு சராசரிகளும் சந்திக்கும் புள்ளி வழியாகப் போகும். அதாவது 3 லட்சம் விளம்பரத்துக்கு 50 லட்சம் விற்பனை. அதிலிருந்து பின்னோக்கிப் போய்த்தான் a கிடைத்தது.

எக்செல்லில் இதற்கு நான்கு வரி போதும். விளம்பரம் B பத்தியிலும் விற்பனை C பத்தியிலும் இருந்தால்:

```
=CORREL(B2:B7,C2:C7)
=SLOPE(C2:C7,B2:B7)
=INTERCEPT(C2:C7,B2:B7)
=RSQ(C2:C7,B2:B7)
```

இரண்டாவது, மூன்றாவது வரிகளில் C முன்னால் வருவதைக் கவனியுங்கள். இவற்றில் விற்பனையை முதலில் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் எக்செல் குறை சொல்லாது, வேறொரு விடையைத் தரும். அந்த 'வேறொரு விடை' சுவாரஸ்யமானது. அதற்குப் பிறகு வருவோம்.

கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது? ஒவ்வொரு மாதத்துக்கும் கோடு சொல்லும் விற்பனையையும் உண்மையில் நடந்ததையும் ஒப்பிட வேண்டும். மே மாதம் 2 லட்சம் விளம்பரம், கோட்டின் கணிப்பு 40.5, நடந்தது 43. இந்த 2.5 வித்தியாசத்துக்கு எச்சம் என்று பெயர். ஆறு மாதத்துக்கும் எச்சங்கள் வரிசையாக 2.5, 7, −3.5, −8, −0.5, 2.5. கூட்டிப் பாருங்கள், சரியாகப் பூஜ்யம் வரும். கணக்கில் பிழை இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. இவற்றை வர்க்கமாக்கிக் கூட்டினால் 138. விளம்பரத்தைப் பற்றி எதுவும் தெரியாமல், எல்லா மாதத்துக்கும் சராசரி 50 என்றே சொல்லியிருந்தால் அதே கூட்டுத்தொகை 3026ஆக இருந்திருக்கும். 3026இல் 138 மட்டுமே மிச்சம். அதாவது விற்பனையின் ஏற்ற இறக்கத்தில் 95 சதவீதத்தைக் கோடு பிடித்துவிட்டது. R² = 0.95 என்று எழுதுவது இதைத்தான். ஒரே ஒரு x இருக்கும் கணக்கில் இது rஇன் வர்க்கமேதான்.

அண்ணாச்சிக்கு இப்போது முடிவெடுக்க வேண்டிய எண் அந்த 9.5. ஜவுளியில் அவருக்கு மொத்த லாபம் 20 சதவீதம் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 9.5 லட்சம் கூடுதல் விற்பனையில் 1.9 லட்சம் கிடைக்கும். அதற்கு ஒரு லட்சம் விளம்பரம் என்றால் 90 ஆயிரம் கையில் நிற்கிறது. சாய்வு 5ஆக இருந்தால் வரவும் செலவும் சரிக்குச் சரி. 5க்குக் கீழே போனால் கைக்காசு கரையும். இந்தக் கணக்குப்படி, ஏஜென்சிக்காரர் கேட்கும் பத்து லட்சத்தை யோசிக்காமல் கொடுத்துவிடலாம்.

கொடுப்பதற்கு முன் அந்த எச்சங்களை இன்னொரு முறை பார்க்க வேண்டும். தீபாவளியை விட்டுவிட்டுப் பாருங்கள். விளம்பரம் மிகக் குறைவாக இருந்த ஜூனில் கோடு சொன்னது 31, நடந்தது 38. விளம்பரம் அதிகமாக இருந்த ஆகஸ்டில் கோடு சொன்னது 50, நடந்தது 42. குறைவான விளம்பரத்தில் கோடு விற்பனையைக் குறைத்துச் சொல்கிறது, அதிகமான விளம்பரத்தில் கூட்டிச் சொல்கிறது. சாதாரண மாதங்களுக்கு இந்தக் கோடு மிகச் செங்குத்தாக இருக்கிறது என்பதற்கு இது அறிகுறி. எச்சங்கள் ஒழுங்கின்றி மேலும் கீழுமாகச் சிதறியிருக்க வேண்டும். x ஏற ஏற அவை ஒரு திசையில் சரிந்தால் எங்கோ கோளாறு.

எங்கே என்று கண்டுபிடிப்பது சிரமமில்லை. விலகல்களின் பெருக்கல் 304இல் அக்டோபரின் பங்கு மட்டுமே 250. விளம்பரச் சிதறல் 32இல் அக்டோபரின் பங்கு 25. விற்பனைச் சிதறல் 3026இல் 2500. ஆறு மாதக் கணக்கு என்று பெயர், பேசுவது ஒரு மாதம். வர்க்கமாக்கும் முறையின் குணம் இது. தூரத்தில் நிற்கும் புள்ளிக்கு அதில் அளவுக்கு மீறிய பலம். மற்ற ஐந்து புள்ளிகளும் ஒரு கொத்தாக இருக்க, கோடு அந்தக் கொத்தின் நடுவிலிருந்து தீபாவளிப் புள்ளியை நோக்கி இழுக்கப்படுகிறது. இரண்டே புள்ளிகளை இணைத்தால் நேர்க்கோடு பொருந்தாமல் எங்கே போகும்?

அக்டோபரை நீக்கிவிட்டு மீதி ஐந்து மாதத்துக்குக் கணக்கைப் போடலாம். விளம்பரச் சராசரி 2, விற்பனைச் சராசரி 40. விலகல்களின் பெருக்கல் கூட்டினால் 4, விளம்பரச் சிதறல் 2. சாய்வு 2தான்! சமன்பாடு: விற்பனை = 36 + 2 × விளம்பரம். r 0.98லிருந்து 0.55க்கு இறங்குகிறது. R² வெறும் 0.31.

20 சதவீத லாபத்தில் 2 லட்சம் விற்பனைக்குக் கிடைப்பது 40 ஆயிரம். போட்டது ஒரு லட்சம். அதே கடை, அதே நோட்டுப் புத்தகம், ஒரு வரியை அடித்ததும் லாபக் கணக்கு நட்டக் கணக்காகிவிட்டது.

இந்த 2ஐயாவது நம்பலாமா என்றால், அதற்கும் அவசரப்பட வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வரிசைகளில் ஐந்தைந்து எண்களை எடுத்தால்கூட, இந்த 0.55 அளவுக்கு ஒட்டுறவு ஏதாவது ஒரு திசையில் சுமார் மூன்றில் ஒரு தடவை தற்செயலாகவே வந்துவிடும். ஐந்து புள்ளிகளை வைத்துக்கொண்டு 'இது தற்செயல் இல்லை' என்று புள்ளியியல்காரர்கள் வழக்கமான 5 சதவீத அளவுகோலில் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் r 0.88ஐத் தாண்ட வேண்டும். இரண்டு மூன்று வருட மாதக் கணக்கு இருந்தால்தான் சாதாரண மாதங்களின் சாய்வைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

அதோடு, அந்த a = 21.5ஐயும் ஒரு நிமிடம் கவனிக்கலாம். 'விளம்பரமே இல்லாவிட்டால் 21.5 லட்சம்தான் விற்கும்' என்று சிலர் இதைப் படிப்பார்கள். கடை ஒரு மாதம்கூட விளம்பரம் இல்லாமல் இருந்ததில்லை. ஒரு லட்சம் போட்ட மாதத்திலேயே 38 விற்றிருக்கிறது. அதேபோல் 20 லட்சம் போட்டால் 211.5 லட்சம் என்று கோடு சொல்லும். அந்த ஊரில் அத்தனை பேர் சேலை எடுக்க இருக்கிறார்களா என்று அதற்குத் தெரியாது. கண்ட புள்ளிகளுக்கு வெளியே கோட்டை நீட்டுவது அவரவர் பொறுப்பு.

இவ்வளவும் எண்களுக்குள் இருக்கும் கோளாறு. அண்ணாச்சியின் கேள்வி இதைவிட ஆழமானது. அதற்காக, எக்செல்லில் வரிசையை மாற்றிப் போட்டால் என்ன வரும் என்ற பழைய விஷயத்துக்கு வருகிறேன்.

இம்முறை விற்பனையை x ஆகவும் விளம்பரத்தை y ஆகவும் எடுத்துக்கொள்வோம். சாய்வு = 304 / 3026, அதாவது சுமார் 0.10. விற்பனை பத்து லட்சம் கூடினால் விளம்பரம் ஒரு லட்சம் கூடுகிறது. ஒட்டுறவு மாறவே இல்லை, அதே 0.98. R² அதே 0.95. இரண்டாவது கோடும் முதல் கோட்டைப் போலவே கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அது சொல்லும் கதை வேறு. எந்த மாதம் எவ்வளவு விற்கும் என்று அண்ணாச்சிக்கு அனுபவத்தில் தெரியும். விற்பனை கூடும் என்று எதிர்பார்க்கும் மாதத்தில், கூடப்போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துப் பைசாவை விளம்பரத்துக்கு ஒதுக்குகிறார். தீபாவளிக்கு வழக்கத்தைவிட 60 லட்சம் கூடுதலாக விற்கும், அதனால் 6 லட்சம் கூடுதலாகப் போடுகிறார். சாதாரண மாத விளம்பரம் 2, அதோடு 6 சேர்ந்தால் 8. சரியாக வருகிறது.

விளம்பரம் விற்பனையைக் கூட்டியதா, விற்பனை எதிர்பார்ப்பு விளம்பரத்தைக் கூட்டியதா? ஒட்டுறவுச் சூத்திரத்தில் xஉம் yயும் இடம் மாறினால் எதுவும் மாறாது. ஆகவே எந்தத் திசையில் காரணம் ஓடுகிறது என்று அந்தச் சூத்திரத்துக்குள் தேடிப் பயனில்லை. விற்பனையில் இத்தனை சதவீதம் விளம்பரத்துக்கு என்று பட்ஜெட் போடுவது பெரிய கம்பெனிகளிலும் சகஜமான வழக்கம் என்பதால், விளம்பர–விற்பனைக் கணக்கில் எங்கும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது. புள்ளிகளைக் கூட்டினாலும் இது தீராது. பத்து வருட மாதக் கணக்கைக் கொண்டுவந்தாலும், பத்துத் தீபாவளியும் அதே மூலையில் போய்க் கும்பலாக உட்கார்ந்து அதே செங்குத்துக் கோட்டைத்தான் தரும்.

சிறிய கடைக்குத்தான் இந்த நிலை, பெரிய கம்பெனிகளில் ஆயிரக்கணக்கான எண்கள் இருக்குமே என்று தோன்றலாம். இணையச் சந்தையான ஈபேயில் நடந்ததைப் பார்த்தால் அந்த நம்பிக்கை போய்விடும். அங்கே பணியாற்றிய பொருளியலாளர்கள் தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடேலிஸ் மூவரும் கூகுள் போன்ற தேடுதளங்களில் ஈபே கொடுத்த விளம்பரங்களை ஆராய்ந்து, 2015இல் 'எகனாமெட்ரிகா' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். நாம் மேலே செய்ததையே அவர்களும் முதலில் செய்து பார்த்தார்கள்: விளம்பரச் செலவுக்கு எதிரே விற்பனை, நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டின்படி விளம்பரத்தின் ஆதாயம் 4100 சதவீதத்துக்கும் மேல்! ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் இருக்கும் வேறுபாடுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தபோதும் 1600 சதவீதத்துக்கு மேல் நின்றது. விளம்பரத் துறையில் இருப்பவர் யாரும் இந்த எண்ணைச் சட்டமடித்து மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் அவர்கள் வேறொன்று செய்தார்கள். 2012இல், அமெரிக்காவின் விளம்பரச் சந்தைப் பகுதிகளில் சுமார் 30 சதவீதத்தைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அங்கே மட்டும் கூகுள் விளம்பரத்தை 60 நாள் நிறுத்தினார்கள். மற்ற பகுதிகளில் வழக்கம்போல் ஓடியது. இப்படி ஒப்பிட்டபோது கிடைத்த ஆதாயம் −63 சதவீதம். நூறு டாலர் போட்டால் 63 டாலர் நட்டம்.

இடையில் அந்த 4100 எங்கிருந்து வந்தது? ஒருவர் ஏதோ ஒரு பொருளை வாங்க நினைத்துத் தேடும்போதுதான் விளம்பரம் அவர் கண்ணில் படுகிறது. அவர் அதைச் சொடுக்கும்போதுதான் ஈபேக்குச் செலவு. ஆக, வாங்குகிறவர்கள் அதிகமாகத் தேடும் நாளில், தேடும் ஊரில், விற்பனையும் கூடும், விளம்பரச் செலவும் தானாகக் கூடும். இரண்டையும் ஒன்றாக ஏற்றி இறக்கியது வாங்கும் எண்ணம். நம் ஊர்க் கடையில் தீபாவளி செய்த வேலையைத்தான் அங்கே அது செய்தது. இதற்கு முன்பு, 'ஈபே' என்ற பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்குக் காட்டும் விளம்பரத்தை யாஹூ, எம்.எஸ்.என். தளங்களில் நிறுத்திப் பார்த்திருந்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்த சொடுக்குகளில் 99.5 சதவீதம், கீழே இருந்த இலவசத் தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தன. கடை வாசலுக்கு வந்துவிட்டவரிடம் நோட்டீஸ் கொடுத்து, அவர் உள்ளே வந்ததை நோட்டீஸ் கணக்கில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

விளம்பரமே வீண் என்பது அந்த ஆய்வின் முடிவு இல்லை. ஈபேயைப் புதிதாகப் பார்ப்பவர்கள், எப்போதாவது வருகிறவர்கள் ஆகியோரிடம் விளம்பரம் பலன் தந்தது. ஆனால் செலவின் பெரும்பகுதி அடிக்கடி வாங்கும் பழைய வாடிக்கையாளர்கள் மேல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் விளம்பரம் இல்லாவிட்டாலும் வருகிறவர்கள். நம் ஜவுளிக்கடைக்கும் இது பொருந்தக்கூடும். மூன்று தலைமுறையாக அங்கேயே கல்யாண ஜவுளி எடுக்கும் குடும்பத்துக்கு எஃப்.எம். விளம்பரம் எதற்கு?

ஈபே செய்த சோதனையை அண்ணாச்சியும் தம் அளவுக்குச் செய்யலாம். கேபிள், எஃப்.எம். விளம்பரங்களைத் தெருவாரியாகப் பிரிக்க முடியாது. நோட்டீஸைப் பிரிக்கலாம். கடைக்கு ஆள் வரும் ஊர்களையும் தெருக்களையும் இருபது பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி பத்தை எடுக்க வேண்டும். அந்தப் பத்துப் பகுதிகளில் மட்டும் நாளிதழ்க்காரப் பையன் நோட்டீஸ் வைக்கட்டும். பில் போடும் இடத்தில் எப்படியும் செல்போன் நம்பர் கேட்கிறார்கள், கூடவே எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பதிந்துகொண்டால் போதும். நோட்டீஸ் பார்த்தவர் அன்றே வருவதில்லை என்பதால் நோட்டீஸ் நின்றபிறகும் இரண்டு மூன்று வாரம் பதிவு தொடர வேண்டும்.

இதில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று அந்தக் குலுக்கல். "நம்ம ஆளுக அதிகமா இருக்கிற தெருவுக்கு முதல்ல போடுவோம்" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்டால், நன்றாக விற்கும் இடத்துக்கே நோட்டீஸ் போய், பழைய சிக்கல் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து இருபது பகுதிகளின் விற்பனையும் கையில் இருக்கும். பகுதிகள் ஒன்றுக்கொன்று சமமாக இருக்காது. ஆகவே ஒவ்வொன்றிலும் விற்பனை போன வருடம் இதே காலத்தைவிட எவ்வளவு கூடியது அல்லது குறைந்தது என்பதை y ஆக எடுத்துக்கொள்வது நல்லது. நோட்டீஸ் போன பகுதிக்கு x = 1, போகாத பகுதிக்கு x = 0. இதை அதே SLOPE சூத்திரத்தில் போட்டால் வரும் சாய்வு, நோட்டீஸ் போன பகுதிகளின் சராசரிக்கும் போகாத பகுதிகளின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமேதான். R² இங்கே மிகச் சிறியதாக, 0.2 அளவில் வந்தாலும் பயப்பட வேண்டாம். பகுதிகளின் விற்பனை ஆயிரம் காரணங்களால் ஏறி இறங்கும், அத்தனைக்கும் நோட்டீஸ் பொறுப்பாகாது. பார்க்க வேண்டியது, நோட்டீஸ் போகாத பத்துப் பகுதிகளும் தமக்குள்ளேயே எவ்வளவு முன்னே பின்னே இருக்கின்றன என்பதை. அந்த அளவுக்கு முன்னால் சராசரிகளின் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்தால், இன்னும் இரண்டு மாதத்துக்குச் சீட்டை மறுபடி குலுக்க வேண்டும். தெளிவாகத் தெரிந்தால், அந்தச் சாய்வை 20 சதவீதத்தால் பெருக்கி, ஒரு பகுதிக்கு நோட்டீஸ் அடித்து வைக்க ஆன செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.